நன்றிக் கடிதத்தில் எதை எழுதுவது: ஒரு குளிர் அறையும் ஓர் ஒப்பந்தப் புதுப்பிப்பும்

கடந்த வருடம் ஏப்ரல் 13ஆம் திகதி இரவு 9.40க்கு எங்கள் பேலியகொடக் களஞ்சியத்தின் இரண்டாம் இலக்கக் குளிர் அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. உறைந்த மீனும் இறைச்சியும் வைக்கும் அறை அது. வழமையாக −20 பாகையில் இருக்கும்; −16ஐத் தொட்டால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம். புத்தாண்டு நேரத்தில் கொழும்பு எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைகள் பூட்டியிருக்கும், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், எந்த உதிரிப்பாகத்தையும் காசு கொடுத்து வாங்க முடியாது. களஞ்சியத்தில் இருந்தது ஒரு காவலாளி மட்டும்.

அவர் எங்கள் பராமரிப்புக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் டெக்னீஷியன் திருப்பி அழைத்தார். முதலில் இரண்டு கேள்வி கேட்டார். வெளியே இருக்கும் பெரிய விசிறிகள் இரண்டும் சுற்றுகின்றனவா? கொம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்கிறதா? ஒரு விசிறி நிற்கிறது, சத்தமும் இல்லை என்று காவலாளி சொன்னதும், கதவை யாரும் திறக்கக் கூடாது என்றார். அடுத்து, பனி உருக்கும் ஹீட்டரின் பிரேக்கரைத் தேடி அணைக்கச் சொன்னார். குளிர் அறைக்குள் இருக்கும் குழாய்களில் பனி படியும். அதை உருக்க ஒரு ஹீட்டர் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக வேலை செய்யும். குளிரூட்டல் நின்றுபோன அறைக்குள் அந்த ஹீட்டர் எரிந்தால் அது அறையைச் சூடாக்கத்தான் செய்யும். எங்கள் அறையில் அது இரவு பத்து மணிக்குத் தொடங்கவிருந்தது.

கேட்ட இரண்டு கேள்வியிலேயே கோளாறு வெளியே இருக்கும் அந்தக் கொண்டன்ஸர் விசிறியின் மோட்டரில் என்று ஊகித்து, வரும் வழியில் தங்கள் களஞ்சியத்தைத் திறந்து ஒரு மோட்டரை எடுத்துக்கொண்டு 11.05க்கு வந்து சேர்ந்தார். ஊகம் சரி. மோட்டர் எரிந்திருந்தது, அதனால் அழுத்தம் கூடி, பாதுகாப்புச் சுவிட்ச் கொம்ப்ரஸரை நிறுத்தியிருந்தது. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கொன்டாக்டர் ஒன்று கருகியிருந்தது, அதையும் மாற்றி, 2.20க்கு அறையை ஓட வைத்தார். அந்த நேரத்தில் அறை −12.8க்கு ஏறியிருந்தது. காலை 7.10க்குத் திரும்பவும் −18க்குக் கீழே வந்துவிட்டது. எந்தப் பெட்டியையும் ஒதுக்க வேண்டி வரவில்லை.

இதற்கு நன்றிக் கடிதம் எழுதாமல் இருக்க முடியுமா? அலுவலகம் திறந்த முதல் நாள் காலையிலேயே ஒன்றை எழுதினேன். அதை அனுப்பவில்லை. அந்த முதல் வரைவை இங்கே தமிழில் தருகிறேன். கொழும்பில் இப்படியான கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும்.

“சித்திரைப் புத்தாண்டு இரவில் உங்கள் ஊழியர் தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து எங்களைக் காப்பாற்றினார். நீங்கள் இல்லாவிட்டால் ஒன்றரைக் கோடி ரூபாப் பெறுமதியான பொருள் அழிந்திருக்கும். வருடம் முழுவதும் உங்கள் சேவையில் எந்தக் குறையும் இல்லை. உங்களைப் போன்ற இன்னொரு நிறுவனம் கொழும்பில் கிடையாது. இந்த உறவு நீண்ட காலம் தொடரும் என்று உறுதியாக நம்புகிறோம்.”

எழுதும்போது ஒவ்வொரு வரியும் மனதிலிருந்துதான் வந்தது. ஆனால் எங்கள் ஒப்பந்தம் ஓகஸ்ட் 31இல் முடிகிறது. ஜூன் முடிவில் அவர்களிடமிருந்து புதிய விலை வரும், ஜூலை மீளாய்வில் அதைப் பேச உட்காருவோம். அந்த மேசையில் இந்தக் கடிதமும் இருக்கும். அங்கே இதை அவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தபோது, ஐந்து வரியும் எங்களுக்கு எதிராகத்தான் நின்றன.

“எந்தக் குறையும் இல்லை” என்ற வரியிலிருந்து தொடங்குகிறேன், பெரிய சேதம் அதில்தான் இருந்தது. ஒப்பந்தப்படி வருடத்துக்கு நான்கு பராமரிப்பு வருகைகள். அந்த வருடத்தில் இரண்டு வருகைகள் மூன்று வாரத்துக்கு மேல் பிந்தியிருந்தன. அதில் ஒன்று மார்ச் மாதத்தில் வந்திருக்க வேண்டியது. ஏப்ரல் 13 வரை வரவேயில்லை. விசிறி மோட்டரின் பெயரிங் தேயும்போது சத்தம் மாறும், மோட்டர் இழுக்கும் மின்னோட்டமும் கூடும். வருகையின்போது அதை அளந்து பார்ப்பது அவர்களுடைய சரிபார்ப்புப் பட்டியலிலேயே உள்ள வேலை. மார்ச்சில் வந்திருந்தால் இந்த மோட்டரை முன்கூட்டியே மாற்றியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. ஆனாலும் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. நானே கையொப்பமிட்டு “வருடம் முழுவதும் குறையில்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஜூலையில் அந்தக் கேள்வியை எந்த முகத்தோடு கேட்பது?

இதற்காகப் பாராட்டுக் கடிதத்துக்குள் குறையையும் சேர்த்து எழுதச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் பாராட்டை யாரும் நம்ப மாட்டார்கள், குறையையும் யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். பிந்திய வருகைகளைப் பற்றி அடுத்த வாரம் தனியாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். திகதிகளை மட்டும் எழுதி, மார்ச் வருகை எப்போது என்று கேட்டிருந்தேன். நன்றிக் கடிதத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாராட்டை அந்த ஓர் இரவுக்குள் நிறுத்திக்கொள்வது. “ஏப்ரல் 13 இரவு நடந்த சம்பவத்தில்” என்று தொடங்கினாலே மற்றப் பதினொரு மாதத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றாகிவிடும்.

அடுத்தது ஒன்றரைக் கோடி. சேவை செய்தவருக்குத் தன் வேலையின் பயன் தெரிய வேண்டும் என்று சிலர் பணக் கணக்கை எழுதுவார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் விலை பேசும்போது, ஒரு வேலையின் விலை அதைச் செய்ய ஆகும் செலவிலிருந்து தொடங்குமா, அது தரும் பயனிலிருந்து தொடங்குமா என்பதில்தான் இழுபறி எல்லாம். நான் ஒன்றரைக் கோடி என்று எழுதினால், பேச்சு பயனிலிருந்து தொடங்க வேண்டும் என்று நானே சொன்னதாகிவிடும். அதோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு இரண்டு இலட்சம் கூட்டிக் கேட்பது ஒன்றுமே இல்லை. பாகை, நிமிடம், நேரம் இவற்றில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. −12.8க்கு மேல் ஏறவில்லை, 7.10க்கு −18க்குக் கீழே வந்தது என்பதை வாசிக்கும் குளிரூட்டல்காரருக்கு அதன் அருமை நன்றாகவே விளங்கும். அவருடைய தொழிலின் மொழியே அதுதான்.

“உங்களைப் போல் வேறு நிறுவனம் இல்லை”, “உறவு தொடரும்” என்ற இரண்டையும் நீட்டி விளக்க வேண்டியதில்லை. வேறு இடத்துக்குப் போக மாட்டேன் என்று எழுத்தில் கொடுப்பது அது.

நான் அதிகம் யோசித்தது முதல் வரியைப் பற்றி. குடும்பத்தை விட்டு வந்தார், பண்டிகையைத் தியாகம் செய்தார். அதுதான் உண்மை, அதுதான் எங்களை நெகிழ வைத்ததும். ஆனால் தியாகத்தைப் பாராட்டினால் நாம் சொல்வது என்ன? இது வழமையில் நடக்காதது, எதிர்பார்க்கக் கூடாதது என்பதுதானே. அதை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரக் கேட்கவும் முடியாது; கேட்டால் அதற்கு ஏற்ற விலையைச் சொல்வார்கள், சொல்வதும் நியாயம். அந்த இரவை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அறையைக் காப்பாற்றியதில் அவருடைய தியாகத்துக்கு எவ்வளவு பங்கோ அவருடைய முறைக்கும் அவ்வளவு பங்கு. பன்னிரண்டு நிமிடத்தில் திருப்பி அழைத்தது, கோளாறை ஊகிக்க இரண்டு கேள்வி கேட்டது, ஹீட்டரை அணைக்கச் சொன்னது, சரியான பாகத்தைக் கையோடு கொண்டு வந்தது. இவை ஒவ்வொன்றையும் எந்த இரவிலும், எந்த டெக்னீஷியனும் செய்யலாம். கம்பனிக்கு ஆகும் செலவு குறைவு, எங்களுக்குக் கிடைக்கும் பயன் பெரிது.

ஆகவே நன்றியை இரண்டாகப் பிரித்தேன். மனிதருக்கு ஒன்று, முறைக்கு ஒன்று. மனிதருக்கான நன்றியை நானே தொலைபேசியில் சொன்னேன்; எங்கள் உரிமையாளரும் அழைத்துச் சொன்னார். முறைக்கான நன்றி கடிதமாகப் போனது. கடிதத்தின் முக்கிய பகுதி இது:

“ஏப்ரல் 13 இரவு 9.40க்கு எமது இரண்டாம் இலக்க அறையின் கோளாறை உங்கள் அவசர இலக்கத்துக்கு அறிவித்தோம். 9.52க்கு உங்கள் டெக்னீஷியன் எமது காவலாளியை அழைத்து, விசிறி, கொம்ப்ரஸர் இரண்டையும் பற்றிக் கேட்டறிந்தார். கதவைத் திறக்க வேண்டாம் என்றும், பத்து மணிக்குத் தொடங்கவிருந்த பனி உருக்கும் ஹீட்டரை அணைக்கும்படியும் வழிகாட்டினார். தேவைப்படும் மோட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு 11.05க்கு வந்தார், 2.20க்கு அறை இயங்கத் தொடங்கியது. அறையின் வெப்பநிலை −12.8ஐத் தாண்டவில்லை, காலை 7.10க்கு −18க்குக் கீழே திரும்பியது. மறுநாள் மாலைக்குள் ஒரு பக்க அறிக்கையும் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தில் எமக்குப் பெரிதும் பயன்பட்டவை: வருவதற்கு முன்பே தொலைபேசியில் கொடுத்த வழிகாட்டல், முதல் வருகையிலேயே சரியான உதிரிப்பாகம் இருந்தது, எழுத்தில் வந்த அறிக்கை. எமது மூன்று அறைகளுக்கும் இதுவே வழமையான முறையாக அமைய வேண்டும் என்று விரும்புகிறோம். ஜூலை மீளாய்வில் இது பற்றிப் பேசுவோம். உங்கள் டெக்னீஷியனுக்கும் அவரை வழிநடத்தும் பிரிவுக்கும் எமது மனமார்ந்த நன்றி.”

அசல் கடிதத்தில் டெக்னீஷியனின் முழுப் பெயரையும் வேலைத்தாள் இலக்கத்தையும் எழுதியிருந்தேன். பெயர் இல்லாத பாராட்டு கம்பனியின் வரவேற்பறையோடு நின்றுவிடும். பெயரோடு போனால் அவருடைய தனிப்பட்ட கோவைக்குப் போகும், சம்பள உயர்வு பேசும்போது உதவும். வேலைத்தாள் இலக்கம் இருந்தால், நான் சொல்லும் நேரங்களை அவர்களே தங்கள் பதிவில் சரிபார்க்கலாம். பிறகு யாரும் அந்த நேரங்களை மறுக்க முடியாது. அங்கேதான் இந்தக் கடிதத்துக்கு எடை கிடைக்கிறது. அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர்களுடைய பதிவே சாட்சி.

கடிதத்தில் நான் எதையும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இது வழமையாக வேண்டும் என்ற விருப்பமும், ஜூலையில் பேசுவோம் என்பதும் மட்டும்தான் இருக்கின்றன. நன்றியும் கோரிக்கையும் ஒரே தாளில் இருந்தால், வாசிப்பவருக்கு நன்றி வெறும் முன்னுரையாகத்தான் தெரியும். காலமும் இதே காரணத்துக்காக முக்கியம். ஏப்ரல் சம்பவத்துக்கு ஏப்ரலிலேயே எழுதினால் அது நன்றி. அதையே ஜூலை மீளாய்வுக்கு முதல் வாரம் எழுதினால், உள்ளே என்ன இருந்தாலும் அது ஒரு உத்தியாகத்தான் தெரியும். ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு. நினைவும் அப்போதுதான் தெளிவாக இருக்கும். குளிர் அறையின் வெப்பப் பதிவையும் உடனே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தை விற்பனைப் பிரிவுக்கு மட்டும் அனுப்புவது பலர் செய்யும் தவறு. எங்களோடு பழகுபவர்கள் அவர்கள்தான் என்பதால் கை அங்கேதான் போகும். ஆனால் ஒப்பந்தத்தில் புதிய நிபந்தனை ஒன்றைக் கேட்கும்போது, “இது எங்களால் முடியாது” என்று சொல்லக்கூடியவர் சேவை முகாமையாளர். அவருக்கே எழுதி, பிரதியை அவர்களுடைய பணிப்பாளருக்கும் விற்பனை அதிகாரிக்கும் அனுப்பினேன். தன் பிரிவின் வேலையைப் பணிப்பாளர் முன்னால் ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு விபரமாகப் பாராட்டியதை ஏற்றுக்கொண்ட முகாமையாளர், மூன்று மாதம் கழித்து அதே வேலையை “முடியாது” என்று சொல்வது கடினம். சொல்லவும் விரும்ப மாட்டார்.

டெக்னீஷியன் சிங்களம் பேசுபவர். ஆங்கிலக் கடிதத்தை யாரோ வாசித்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரியவரும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் அலுவலகத்தில் சிங்களம் நன்றாக எழுதும் தங்கை ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லி ஒரு சிங்களப் பிரதியையும் எழுதி அனுப்பினோம். அன்று இரவே காவலாளி அவருக்குச் ‘சந்தோஷம்’ கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கொடுப்பதில் பிழையில்லை என்றாலும், அந்தக் கம்பனியில் ஊழியர்கள் காசு வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கொடுத்திருந்தால் அவருக்குத்தான் சிக்கல்.

சரி, ஜூலைக்கு வருவோம். எதிர்பார்த்தபடி ஜூன் கடைசியில் புதிய விலை வந்தது. வருடத்துக்கு 960,000 ரூபாவாக இருந்த கட்டணத்தை 1,152,000 ரூபாவாகக் கேட்டிருந்தார்கள். 20 வீத உயர்வு, 18 வீத வற் வரி அதற்கு மேல். பேச வந்தவர் வெள்ளவத்தைக்காரர், எங்களுக்குப் பல வருடப் பழக்கம். கோவையைத் திறந்து என் கடிதத்தையே முதலில் எடுத்து வைத்தார்.

“நீங்களே எழுதித் தந்திருக்கிறீங்க மிஸ். இப்படி ஒரு சேவைக்கு இந்த விலை கூடுதலா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் கடிதத்தை எழுதியிருந்தேன். “கூடுதலா குறைவா என்று பிறகு பார்ப்போம் அண்ணா. கடிதத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன். இப்போதைய ஒப்பந்தத்தில் அந்த மூன்றும் எங்கே இருக்கு என்று காட்டுங்கள்” என்றேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். விடுமுறை நாட்களில் ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. தொலைபேசி வழிகாட்டல் இல்லை, உதிரிப்பாக இருப்பு இல்லை, அறிக்கை இல்லை. “அப்போ இந்தக் கடிதத்தில் இருக்கும் சேவைக்குத்தான் விலை கேட்கிறீங்கள் என்றால், அந்தச் சேவையை முதலில் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவருவோம். அதுக்குப் பிறகு விலை.”

அந்த இடத்தில் பேச்சின் வரிசை மாறிவிட்டது. கடிதத்தில் குடும்பம், தியாகம், ஒன்றரைக் கோடி என்று இருந்திருந்தால் அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது. செய்முறை எழுதப்பட்டிருந்ததால், அதே தாள் எங்கள் கோரிக்கைப் பட்டியலாகிவிட்டது. அதுவும் அவர்கள் மகிழ்ச்சியோடு கொண்டு வந்த பட்டியல்.

அன்றைய 85 நிமிட வருகையை நிபந்தனையாகக் கேட்கவில்லை. அன்று வீதி வெறிச்சோடியிருந்தது. ஒரு வேலை நாள் மாலையில் பேலியகொடச் சந்தியைக் கடக்கவே எவ்வளவு நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை நடந்த சிறந்த வேலையைக் குறைந்தபட்ச நிபந்தனையாக்கினால், ஒன்றில் அவர்கள் அதற்குப் பெரிய விலை வைப்பார்கள். அல்லது ஒப்புக்கொண்டுவிட்டு அடிக்கடி தவறுவார்கள். அதைவிட மோசம், அடுத்த தடவை யாரும் மனமுவந்து விரைந்து வர மாட்டார்கள். எப்போதும் செய்யக்கூடியது எது, ஒரு மனிதர் அன்று கூடுதலாகச் செய்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் பாராட்டை நிபந்தனையாக மாற்றப் போகக் கூடாது. விடுமுறை நாட்களுக்கான ஆறு மணியை மூன்று மணியாக்கினோம். தொலைபேசியில் 20 நிமிடத்துக்குள் டெக்னீஷியன் திருப்பி அழைக்க வேண்டும் என்று சேர்த்தோம். ஏப்ரலில் அவர்கள் செய்தது 12 நிமிடம் என்பதால் அதில் யாரும் தயங்கவில்லை. ஒரு விசிறி மோட்டரும் இரண்டு கொன்டாக்டரும் எங்கள் களஞ்சியத்திலேயே அவர்களுடைய உடைமையாக இருக்கும், பயன்படுத்தினால்தான் காசு. எங்கள் இடத்துக்கு முதலில் அனுப்பப்படுபவர் அதே டெக்னீஷியன். அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவரை மூன்று அறைகளையும் காட்டிப் பழக்கி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை அவர்களே முன்வைத்தார்கள்.

பிந்திய வருகைகளைப் பற்றியும் அன்றே பேசினேன். கடிதம் அந்த வாசலை மூடவில்லை. ஏப்ரலில் போட்ட தனி மின்னஞ்சலும் கோவையில் இருந்தது. பழையதற்கு நட்டம் கேட்கவில்லை. இனி 14 நாளுக்கு மேல் பிந்தினால் அந்தக் காலாண்டுக் கட்டணத்தில் 5 வீதம் கழியும் என்று எழுதிக்கொண்டோம். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

விலைக்கு அதற்குப் பிறகுதான் வந்தோம். 20 வீதம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, கூலி உயர்வையும் பாகங்களின் விலையையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது தெரிந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு, இறக்குமதிப் பாகத்தை நம்பித் தொழில் செய்யும் எல்லோரும் டொலர் ஏறிவிடுமோ என்ற பயத்தை விலைக்குள் முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, அந்த வருடத்தில் அடி வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் டொலர் ஏறாத மாதத்துக்கும் நாங்கள் அந்தப் பயத்துக்குக் காசு கட்ட வேண்டுமா? பாகங்களையும் குளிரூட்டும் வாயுவையும் கட்டணத்திலிருந்து பிரித்து, பயன்படுத்தும்போது அன்றைய விலைக்கு எடுப்பது என்று முடிவானது. மிஞ்சியது கூலி உயர்வு. அது 8 வீதத்தில் நின்றது: வருடத்துக்கு 1,036,800 ரூபா.

அந்த 8க்கு அவர்கள் இறங்கியது எங்கள் பேச்சுத் திறமையால் மட்டுமல்ல, நாங்களும் கொடுத்தோம். 45 நாளில் கட்டிவந்த பில்லை 21 நாளில் கட்டுவோம் என்றோம். ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருட ஒப்பந்தம். மூன்றாவதாகக் கொடுத்தது நான் ஏப்ரலிலேயே கையில் வைத்திருந்த ஒன்று: அதே கடிதத்தை வெளியே காட்ட அனுமதி.

இதைச் சற்று விளக்க வேண்டும். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பெரிய சுப்பர் மார்க்கெட் விலை கேட்டு அழைக்கும் கேள்விப்பத்திரங்களில் போட்டியிடும் கம்பனிகளுக்குப் பழைய வாடிக்கையாளர்களின் கடிதம் மிகவும் தேவை. நேரமும் வெப்பநிலையும் எழுதிய ஒரு கடிதம், “நல்ல சேவை தந்தார்கள்” என்ற பத்துக் கடிதத்தைவிட அங்கே பெறுமதியானது. ஏப்ரல் கடிதத்தின் அடியில், எமது எழுத்து மூல அனுமதியின்றி வெளியாருக்குக் காட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரி இல்லாமல் அனுப்பியிருந்தால் அனுமதி அன்றே இலவசமாகப் போயிருக்கும். ஜூலையில் அதைக் கொடுத்தபோது எங்களுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. அவர்களுடைய பணிப்பாளர் உடனே கேட்டது கட்டணத்தைப் பற்றி அல்ல, கடிதத்தை எங்கள் தலைப்புத் தாளில் தர முடியுமா என்பதுதான். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்களே ஒரு கேள்விப்பத்திரத்தைத் திறந்து வைத்துப் பல கம்பனிகளிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் அதில் போட்டியிடும் ஒருவருக்கு இப்படிக் கடிதம் கொடுக்கக் கூடாது. அரச நிறுவனத்தில் என்றால் அது பக்கச்சார்பு என்ற முறைப்பாட்டில் போய் முடியலாம்.

இந்த முறை வேலை செய்யாத இடமும் உண்டு. எங்களைப் போன்ற நடுத்தர இடத்துக்கு, எங்கள் வியாபாரம் கொஞ்சமாவது தேவைப்படும் கம்பனியோடு பேசும்போது இது பலிக்கும். துறைமுகக் கட்டணம், மின்சாரம் போல விலையைப் பேசவே இடமில்லாத சேவைக்கு நன்றி எழுதலாம், தாராளமாக எழுதுங்கள். ஆனால் அதிலிருந்து ஒப்பந்தத்துக்கு எதுவும் வராது. அதேபோல, கடிதம் எழுதுமளவுக்கு உண்மையில் ஒன்றும் நடக்காதபோது எழுதவே கூடாது. எங்கள் குளிர் அறைகளுக்கு மூன்று வருடத்தில் ஒரு கடிதம்தான் போயிருக்கிறது. மாதத்துக்கு ஒன்று போயிருந்தால் அந்த ஒன்றை யாரும் கோவையில் முதல் பக்கமாக வைத்திருக்க மாட்டார்கள்.

நவம்பர் போயா தினத்தன்று மாலை மூன்றாம் இலக்க அறையில் மணி அடித்தது. முதல் டெக்னீஷியன் ஊரில் இல்லை. அவர் பழக்கி வைத்த இளைஞர் 14 நிமிடத்தில் அழைத்து, அதே இரண்டு கேள்வியைக் கேட்டு, ஹீட்டரின் பிரேக்கர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதையும் காவலாளிக்குச் சொன்னாராம். இந்தத் தடவை பழுது ஒரு கொன்டாக்டரில். எங்கள் அலுமாரியில் இருந்ததையே எடுத்துப் போட்டார். மறுநாள் காலையில் அறிக்கை வந்ததும், அந்த இளைஞரின் பெயரையும் வேலைத்தாள் இலக்கத்தையும் எழுதி, நான்கு வரியில் ஒரு நன்றிக் குறிப்பைச் சேவை முகாமையாளருக்கு அனுப்பினேன். சிங்களப் பிரதியையும் சேர்த்துத்தான்.